நடிகர் சிரித்தார், நாங்கள் சங்கிலி வாங்கினோம்

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு பவுன்ல ஒரு சங்கிலி வாங்கணும்னு அம்மாவும் நானும் தேக்காவுக்குப் போனோம். சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு, கேம்பல் லேன் பக்கம் நடக்கக்கூட இடமில்லை. ஒரு நகைக்கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு நடிகரின் படம். பக்கத்தில் பெரிய எழுத்தில் "செய்கூலி இல்லை". அம்மா அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தார், உள்ளே நுழைந்தார். நாற்பது நிமிஷத்தில் சங்கிலியோடு வெளியே வந்தோம்.

அடுத்த வாரம் அத்தை வீட்டுக்கு வந்தார். சங்கிலியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "நல்லா இருக்கு அண்ணி. ஏன் அந்தக் கடையில வாங்கினீங்க?"

"அந்த நடிகரே விளம்பரத்துல வர்றாரு. செய்கூலி வேற இல்லைன்னு போட்டிருந்தாங்க."

"சரி. கிராம் என்ன வெலை போட்டாங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பொறியியல் மூணாவது வருஷம் படிக்கிறவன், ஒரு பெருக்கல் கணக்குப் போடாமல் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக உளவியல் எடுத்திருந்தேன். அங்கே படித்த ஒரு கோட்பாடு அந்த நாற்பது நிமிஷத்தை எனக்கு விளக்கியது. அதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

ரெண்டு பாதைகள்

கோட்பாட்டின் பெயர் 'எலாபரேஷன் லைக்லிஹூட் மாடல்'. ரிச்சர்ட் பெட்டி, ஜான் கசியோப்போ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. 1986இல் இதை முழுமையாக விளக்கி ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிது. ஒரு செய்தி நம் முன்னால் வரும்போது, அதை நாம் எவ்வளவு தூரம் அலசி யோசிக்கப் போகிறோம்? அந்த யோசனையின் அளவைப் பொறுத்து நம் மனம் மாறும் விதமும் வேறாகிறது என்பதுதான் கோட்பாடு.

நிறைய யோசித்தால், செய்தியில் இருக்கும் காரணங்களை எடைபோட்டு முடிவுக்கு வருகிறோம். இது மையப் பாதை. அதிகம் யோசிக்காவிட்டால், காரணங்களைச் சுற்றி இருக்கும் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்கிறோம். யார் சொல்கிறார், எவ்வளவு அழகாக இருக்கிறார், கடையில் எவ்வளவு கூட்டம் என்பதெல்லாம் அப்படிப்பட்ட குறிப்புகள். இது ஓரப் பாதை.

ரெண்டும் தனித்தனி அறைகள் இல்லை, ஒரே சாலையின் ரெண்டு முனைகள். பெரும்பாலான நேரம் நாம் நடுவில் எங்கேயோ நிற்கிறோம். மைய முனைப் பக்கம் நகர ரெண்டு விஷயம் வேண்டும். ஒன்று, யோசிக்கணும் என்ற அக்கறை. ரெண்டாவது, யோசிக்க முடிகிற நிலை. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓரப் பக்கம் சறுக்கிவிடுவோம். இந்த ரெண்டாவது நிபந்தனையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் கதை அதில்தான் இருக்கிறது.

ஒரு சவரக் கத்தி, நான்கு விளம்பரங்கள்

இந்தக் கோட்பாட்டுக்குப் பேர்போன சோதனை 1983இல் வெளிவந்தது. பெட்டி, கசியோப்போ, டேவிட் ஷூமன் மூவரும் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக மாணவர்கள் 160 பேரிடம் விளம்பரங்கள் அடங்கிய ஒரு கையேட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். நடுவில் 'எட்ஜ்' என்ற சவரக் கத்தியின் விளம்பரம் ஒன்று இருந்தது. சோதனையே அதைப் பற்றித்தான். மற்றவை சும்மா துணைக்கு.

பாதிப் பேரிடம், "இந்தக் கத்தி சீக்கிரம் உங்கள் வட்டாரத்துக்கே விற்பனைக்கு வருகிறது. கலந்துகொண்டதற்குப் பரிசாக ஒரு சவரக் கத்தியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்" என்றார்கள். அவர்களுக்கு அக்கறை வந்துவிட்டது. மீதிப் பேருக்குப் பரிசு பற்பசை. கத்தியும் தொலைவில், கிழக்குக் கரை நகரங்களில்தான் வரும் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

விளம்பரத்தையும் ரெண்டு விதத்தில் மாற்றினார்கள். சிலருக்குக் கத்தியைப் பரிந்துரைத்தவர்கள் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள். மற்றவர்களுக்கு கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரின் சாதாரண மக்கள். அதேபோல், சிலருக்கு வலுவான காரணங்கள்: கைப்பிடி வழுக்காது, ஒப்பிட்டுப் பார்த்ததில் போட்டிக் கத்தியைவிட இரண்டு மடங்கு தடவை நன்றாகச் சவரம் செய்தது. மற்றவர்களுக்குப் பலவீனமான காரணங்கள்: தண்ணீரில் மிதக்கும், குளியலறையை மனதில் வைத்து வடிவமைத்தது, ஒருமுறைதான் பயன்படுத்தலாம் ஆனால் மறக்க முடியாது!

அக்கறை இருந்த குழுவில் காரணங்களின் தரம் மிகப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. விளையாட்டு வீரரா, சாதாரண ஆளா என்பது அவர்களின் கருத்தை அசைக்கவில்லை. அக்கறை இல்லாத குழுவில் காரணங்களின் தாக்கம் குறைந்தது, பிரபலத்தின் முகம் வேலை செய்தது.

அதாவது "பிரபலம் வந்தால் விற்கும்" என்பது பாதி உண்மைதான். பார்க்கிறவர் எந்த நிலையில் பார்க்கிறார் என்பதைச் சொன்னால்தான் அந்த வாக்கியம் முழுமையாகும்.

அப்படியானால் அம்மா ஏன் விழுந்தார்?

இதை வகுப்பில் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம். மகள் கல்யாணத்துக்குச் சங்கிலி வாங்கும் அம்மாவுக்கு அக்கறை இல்லையா? அம்மாவைவிட அக்கறையுள்ளவர் அந்தக் கடையில் யாரும் இருந்திருக்க மாட்டார். சோதனைப்படி பார்த்தால் நடிகர் முகம் அவரிடம் வேலை செய்திருக்கவே கூடாது.

இங்கேதான் ரெண்டாவது நிபந்தனை வருகிறது. அக்கறை இருந்தது, யோசிக்க முடிகிற நிலை இல்லை. கடையில் பாட்டுச் சத்தம், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், ஒரே நேரத்தில் நாலு சங்கிலியைக் காட்டும் விற்பனையாளர். அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு ஊரில் போடும் சேதாரக் கணக்கு. இங்கே ரசீதில் கிராம் விலை, செய்கூலி, பொருள் சேவை வரி என்று வேறு மாதிரி. எந்த எண்ணை எதோடு ஒப்பிடணும் என்று தெரியாதபோது, மனம் கைக்கு எட்டுகிற குறிப்பைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குக் கைக்கு எட்டியது ஒரு சிரித்த முகம்.

இதற்கும் சோதனை உண்டு. 1976இல் பெட்டி, வெல்ஸ், பிராக் மூவரும், கல்விக் கட்டணத்தைப் பற்றிய ஓர் உரையை மாணவர்களைக் கேட்கச் செய்தார்கள். அதே நேரத்தில் திரையில் மின்னி மறையும் X குறிகளைக் குறித்துக்கொள்ளவும் சொன்னார்கள். குறிகள் வேகமாக வர வர கவனம் சிதறும். உரையில் பலவீனமான காரணங்கள் இருந்தபோது, கவனம் சிதறச் சிதற மாணவர்கள் *அதிகமாக* ஒத்துக்கொண்டார்கள், ஏனென்றால் மனசுக்குள் மறுத்துப் பேச நேரமில்லை. வலுவான காரணங்கள் இருந்தபோது நேர் எதிர். கவனம் சிதறியதால் அந்த வலு உறைக்கவில்லை, ஒத்துக்கொள்வதும் *குறைந்தது*.

இதை ஒரு சின்ன உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். உண்மையிலேயே நல்ல விலை கொடுக்கும் கடைக்குச் சத்தமும் அவசரமும் நஷ்டம்தான். நாற்காலி போட்டு, கால்குலேட்டரைக் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்று சொல்வதுதான் அதற்கு லாபம்.

காரணமே குறிப்பாக மாறும்போது

"சரி, இனிமேல் நடிகர் படத்தைப் பார்க்க மாட்டேன், காரணங்களை மட்டும் பார்ப்பேன்" என்று நினைக்கலாம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அம்மா சொன்ன ரெண்டாவது விஷயம் நினைவிருக்கிறதா? "செய்கூலி இல்லை." கேட்பதற்கு அது ஒரு காரணம் மாதிரிதான் இருக்கிறது.

1984இல் பெட்டியும் கசியோப்போவும் இன்னொரு சோதனை செய்தார்கள். பட்டப்படிப்பின் கடைசியில் எல்லாருக்கும் ஒரு பொதுத் தேர்வு வைக்கணும் என்ற யோசனைக்கு, சிலரிடம் மூன்று காரணங்களும் சிலரிடம் ஒன்பது காரணங்களும் கொடுத்தார்கள். தேர்வு தங்களைப் பாதிக்காது என்று நினைத்தவர்கள், காரணங்கள் நல்லவையோ மோசமோ, ஒன்பது இருந்தால் அதிகம் ஒத்துக்கொண்டார்கள். "இவ்வளவு சொல்றாங்களே, சரியாத்தான் இருக்கும்." தங்களைப் பாதிக்கும் என்று நினைத்தவர்கள் ஒவ்வொன்றாக எடைபோட்டார்கள். அவர்களிடம் ஒன்பது மோசமான காரணங்கள் மூன்றைவிட மோசமாகவே விளைந்தன.

ஆகவே, ஒரு விளம்பரத்தில் காரணம் இருப்பதால் மட்டும் நாம் மையப் பாதையில் போகிறோம் என்று அர்த்தமில்லை. எடைபோடாமல் விழுங்கினால் காரணமும் வெறும் குறிப்புதான்.

தமிழ்த் தொலைக்காட்சி பார்க்கிறவர்களுக்கு லலிதா ஜுவல்லரி விளம்பரம் தெரிந்திருக்கும். உரிமையாளர் கிரண்குமார் தானே வந்து, நகையைப் படம் எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பார். உருவத்தில் இது முழு மையப் பாதை அழைப்பு. நிஜமாகவே படம் எடுத்து நாலு கடை ஏறுகிறவருக்கு அது மையப் பாதைதான். ஆனால் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து, "ஒப்பிடச் சொல்ற தைரியம் இருக்கே, அப்ப நேர்மையான கடைதான்" என்று முடிவுகட்டுகிறவருக்கு? அதே வாக்கியம் அவருக்கு ஓரக் குறிப்பாகிவிடுகிறது. கடை உண்மை சொல்கிறதா இல்லையா என்பது வேறு கேள்வி. நான் சொல்வது பார்க்கிறவர் மனசில் நடப்பதைப் பற்றி. விளம்பரம் ஒன்றுதான், பாதையை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

இதையே திருப்பியும் பார்க்கலாம். நகை விளம்பரத்தில் நடிகையின் அழகான கூந்தல் ஒரு ஓரக் குறிப்பு. ஷாம்பு விளம்பரத்தில் அதே கூந்தல் ஒரு காரணமாக முடியும், அவர் உண்மையில் அந்த ஷாம்புவைத்தான் போடுகிறார் என்றால்!

அத்தை போட்ட கணக்கு

அன்றைக்கு அத்தை எங்கள் ரசீதை வாங்கி, பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். எளிதாகப் புரிய எண்களை மாற்றி முழு எண்ணாகத் தருகிறேன். கணக்கின் போக்கு மட்டும் அதேதான்.

ரெண்டு பவுன் என்றால் 16 கிராம். முதல் கடை: 22 காரட் கிராம் 150 வெள்ளி, செய்கூலி இல்லை. 150 × 16 = 2,400 வெள்ளி. ரெண்டாவது கடை: கிராம் 142 வெள்ளி, செய்கூலி 80 வெள்ளி. 142 × 16 = 2,272. செய்கூலி சேர்த்தால் 2,352 வெள்ளி. ரெண்டுக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்தால், முதல் கடையில் 2,616 வெள்ளி, ரெண்டாவதில் 2,563 வெள்ளி 68 காசு.

"செய்கூலி இல்லை" என்ற கடையில் 52 வெள்ளிக்கு மேல் அதிகம். பொய் சொல்லவில்லை, செய்கூலி கிராம் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அத்தை சொன்னார், "வரி எல்லாம் சேர்த்து மொத்தத் தொகைய எடையால வகுத்துடு. ஒரே ஒரு எண் வரும். அத மட்டும் ஒப்பிட்டுப் பாரு." முதல் கடையில் கிராமுக்கு 163.50, ரெண்டாவதில் 160.23. அந்த ஒரு வகுத்தல்தான் அம்மாவுக்கு அன்றைக்கு இல்லாமல்போன 'யோசிக்க முடிகிற நிலை'.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தங்கம் விலை தினம் மாறும், அதனால் ஒரே நாளில் ஒப்பிடணும். 916 முத்திரை என்றால் 91.6 விழுக்காடு தங்கம். ரெண்டு கடையிலும் அது ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்த தங்க எடையைக் கேட்கணும். நுணுக்கமான வேலைப்பாட்டுக்குச் செய்கூலி கூடுவது நியாயம்தான். ஆனால் பின்னால் நகையை விற்கும்போது எடைக்கும் தரத்துக்கும்தான் காசு. கொடுத்த செய்கூலியும் வரியும் திரும்பி வராது.

குறிப்பு எதிரியா?

எல்லாவற்றையும் இப்படிக் கணக்குப் போட்டு வாங்க முடியுமா? முடியாது. தேக்கா சந்தையில் கொத்துமல்லி வாங்க யாரும் வகுத்தல் போடுவதில்லை. ஓரப் பாதை நம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. குறிப்பு நம்பகமானதா என்பதுதான் கேள்வி.

நம் அரசாங்கமே அப்படி ஒரு குறிப்பைத் தருகிறது, நியூட்ரி-கிரேட். புட்டியிலும் பெட்டியிலும் அடைத்து விற்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் A, B, C, D என்று தரம். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் D. C, D தரப் பானங்கள் முத்திரையைக் கட்டாயம் காட்டணும். D தரத்துக்கு விற்பனை இடத்துக்கு வெளியே விளம்பரமே கூடாது. குளிர்பெட்டி முன்னால் நிற்கும் மூணு வினாடியில் நாம் சத்துப் பட்டியலைப் படிக்கப் போவதில்லை, நிறத்தையும் எழுத்தையும்தான் பார்ப்போம் என்று தெரிந்தே, அந்த ஓரப் பாதையில் சரியான தகவலை வைத்திருக்கிறார்கள். முத்திரையிலேயே சர்க்கரை விழுக்காடும் இருக்கிறது. நின்று யோசிக்கிறவருக்கு மையப் பாதையும் திறந்தே இருக்கிறது.

நடிகர் முகத்துக்கும் இந்த எழுத்துக்கும் வித்தியாசம் இதுதான்: சர்க்கரை கூடினால் எழுத்து மாறும். கிராம் விலை கூடினாலும் நடிகர் சிரித்துக்கொண்டேதான் இருப்பார்.

கோட்பாட்டின் எல்லை

மையப் பாதை என்றால் சரியான முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருஷமாக வாங்கும் கடை என்றால், எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கடைக்குச் சாதகமாகவே யோசிப்போம். யோசனை அதிகம், ஆனால் தராசு சாய்ந்திருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று. இந்தச் சோதனைகளில் 'வலுவான காரணம்' என்பது, படித்தவர்கள் மனசில் சாதகமான எண்ணங்களைத் தூண்டும் காரணம். அது உண்மையான காரணமாக இருக்கணும் என்றில்லை. அந்த 'எட்ஜ்' சவரக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு கத்தியே கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் இட்டுக்கட்டிய பெயர். அக்கறையோடு, நன்றாக யோசித்து, விளையாட்டு வீரர் முகத்துக்கு மயங்காமல் முடிவெடுத்த மாணவர்கள், இல்லாத ஒரு கத்தியைத்தான் நல்ல கத்தி என்று ஒத்துக்கொண்டார்கள். யோசிப்பது ஒரு படி. தராசில் எடையைப் பார்ப்பது, முத்திரையைப் பார்ப்பது, ரசீதைப் படிப்பது அடுத்த படி.

மையப் பாதையில் வந்த முடிவுக்கு ஒரு குணம் உண்டு என்கிறார்கள் இந்த ஆராய்ச்சியாளர்கள். அது நாள்பட நிற்கும், யாராவது எதிர்த்துக் கேட்டாலும் சட்டென்று ஆடாது. அம்மாவின் முடிவு அத்தையின் ஒரே கேள்வியில் ஆடியது. எந்தப் பாதையில் வந்தோம் என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் வளையல் வாங்கப் போனோம். ஒரு புதன்கிழமை காலையில், கூட்டமில்லாத நேரத்தில். அம்மா ஒரு துண்டுத் தாளில் மூணு கடையின் எண்களை எழுதினார், வகுத்தார். கடைசியில் வாங்கிய கடையின் வாசலிலும் ஒரு நடிகர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "இவர் யாருடா?" என்று கேட்டார் அம்மா.

குழுவில் பேசிப் பார்க்க

1. சிராங்கூன் சாலையில் ஐந்து விளம்பரங்களைப் படம் எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றிலும் பிரபலத்தையும் நிறத்தையும் மறைத்துவிட்டால் என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

2. கடைசியாக நீங்கள் 100 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய ஒரு பொருளுக்கு, ஏன் அதை வாங்கினீர்கள் என்று ரெண்டு காரணம் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேட்கட்டும். உங்கள் முடிவு நிற்கிறதா?

3. நீங்கள் நம்பும் ஒரு குறிப்பைச் சொல்லுங்கள். பொருளின் தரம் மாறினால் அந்தக் குறிப்பும் மாறுமா, இல்லை எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்குமா?